பழைய செல்லோடு புது செல்லைச் சேர்க்கலாமா?

டார்ச்சுக்குப் போடும் ரீசார்ஜ் பென்சில் செல் இரண்டில் ஒன்று தேய்ந்துவிட்டால், அதை மட்டும் மாற்றுவது நம்மில் பலருக்கும் வழக்கம். இதில் நஷ்டம்தான் வரும், சகோதரிகளே.

புது செல் 2000 எம்.ஏ.எச். பிடிக்கும். பழசு தேய்ந்து 1000 தான் பிடிக்கும்னு வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே மின்சாரம்தான் ஓடுது. அதனால் பழசு பாதியிலேயே காலியாகிவிடும். அப்போதும் டார்ச்சை அணைக்காவிட்டால், புதுசு பழசின் வழியாக மின்சாரத்தைத் தள்ளும். பழசு தலைகீழாக சார்ஜ் ஆகிக் கெட்டுப்போகும்.

விலை குறைந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சார்ஜர்கள் பலவும் இரண்டு செல்லையும் ஜோடியாகவே சார்ஜ் செய்யும். பழசு சீக்கிரம் நிறைந்து சூடாகும். அப்போது புதுசு முழுசாக நிறைந்திருக்காது. ஒன்று மட்டும் முன்னதாகவே சூடானால் அதுதான் தேய்ந்த செல்.

எனவே இரண்டையும் சேர்த்தே வாங்கி, மேலே வாங்கிய மாதத்தை எழுதி, ஜோடி பிரிக்காமல் பயன்படுத்துவோம். வெளிச்சம் மங்கினால் உடனே அணைத்துவிடுங்கள்.