படத்தைக் காதால் பார்ப்பவர்களுக்கு

மழை நாளில் ஒருவர் தண்ணீர் தேங்கிய சாலையைப் படமெடுத்து, "இந்தப் பக்கம் யாரும் வராதீங்க" என்று முகநூலில் போடுகிறார். எந்தப் பக்கம் என்பது படத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும். பார்வையற்றவரின் கைபேசியிலுள்ள டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் அந்த வரியை உரக்கப் படித்துவிட்டு, அடுத்து 'படம்' என்று சொல்லும். முகநூல் 2016 முதல் தானாகவே ஒரு விவரிப்பைச் சேர்க்கிறது. ஆனால் 'சாலை, நீர் இருக்கலாம்' என்ற அளவோடு அது நின்றுவிடுவதுண்டு. எந்தச் சாலை, எவ்வளவு தண்ணீர் என்பதைப் படம் போட்டவர்தான் சொல்ல வேண்டும். அதற்கென்றே படத்தைப் பதிவேற்றும் இடத்தில் Alt text என்றொரு பெட்டி இருக்கிறது.

அதில் என்ன எழுதுவது? இந்தப் படத்தை ஏன் போடுகிறோம் என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். இங்கே நோக்கம் எச்சரிக்கை. எனவே, "ரயில் நிலையம் அருகிலுள்ள சுரங்கப்பாதை. பைக் சீட் உயரத்துக்குத் தண்ணீர். நடுவில் ஓர் ஆட்டோ நின்றுவிட்டது. நடைபாதையும் மூழ்கியிருக்கிறது" என்று எழுதலாம். வெள்ளைக் கோலுடன் நடப்பவருக்குக் கடைசி வாக்கியம் மிக முக்கியம். ஆட்டோவின் நிறமோ வானத்தின் மேகமோ தேவையில்லை. அதே படத்தை ஓர் ஒளிப்படக் கலைஞர் தண்ணீரில் விழும் மாலை வெளிச்சத்துக்காகப் போட்டால், அங்கே வானத்தின் நிறம்தான் விஷயம். ஒரே படம்தான், நோக்கம் மாறினால் விவரிப்பும் மாறும்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுங்கள். கேட்பவர் பாதியில் அடுத்த பதிவுக்குப் போய்விடக்கூடும். 'இது ஒரு புகைப்படம்' என்று தொடங்க வேண்டாம். அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். பதிவில் எழுதியதையே பெட்டியிலும் எழுதினால் அவர் ஒன்றை இரண்டு முறை கேட்க நேரும். படம் எடுத்தவர் பெயர், ஹேஷ்டேக் போன்றவற்றுக்கும் அது இடமல்ல.

அதிகம் சிக்கல் தருபவை அழைப்பிதழ்களும் அறிவிப்புகளும்தான். கண் சிகிச்சை முகாம் போஸ்டரில் தேதி, நேரம், இடம், தொலைபேசி எண் எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கும். 'முகாம் போஸ்டர்' என்ற விவரிப்பால் யாரும் முகாமுக்கு வந்து சேர முடியாது. விவரங்கள் அனைத்தையும் பதிவிலேயே தட்டச்சு செய்துவிட்டு, பெட்டியில் 'முகாம் போஸ்டர், விவரங்கள் பதிவில்' என்று குறிப்பிட்டால் போதும். க்யூஆர் கோடு இருந்தால் அது போகும் இணைப்பையும் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்றால் படத்தின் கீழே எழுதும் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுதியது சரியா என்று பார்க்க, ஆண்ட்ராய்டு கைபேசியில் Settings போய், Accessibility பகுதியில் டாக்பேக்கை இயக்குங்கள். ஒருமுறை தொட்டால் அது படிக்கும். இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். திரையைப் பார்க்காமல் உங்கள் பதிவைக் கேளுங்கள். எங்கே, என்ன, எப்போது என்று யாரையும் கேட்கத் தேவையில்லாமல் புரிந்தால் விவரிப்பு சரி. புரியாவிட்டால் திருத்திவிட்டுப் பகிருங்கள்.