அம்மா தடுமாறாமல் நிற்க



ராத்திரி எழுந்து போகும்போது உங்கள் வீட்டு அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார்களா? "முட்டியே மடங்கல, எனக்கு எதுக்கப்பா யோகாசனம்?" என்பார்கள். முட்டியை அதிகம் மடக்காமலே விருட்சாசனம் செய்யலாம்.

காலையில் சிறிது நடந்து உடம்பு சூடானதும், ஈரமில்லாத தரையில் வெறுங்காலுடன், ஜன்னல் கம்பியை இரு கைகளாலும் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். ஒரு குதிகாலை மட்டும் தூக்கி மற்றக் கணுக்காலில் சாய்க்கட்டும். விரல்கள் தரையிலேயே ஊன்றியிருக்க வேண்டும். பாதத்தைத் தொடைவரை ஏற்ற வேண்டாம். நேராகப் பார்த்து, மூச்சை அடக்காமல், 10 எண்ணும்வரை நின்று கால் மாற்றவும். காலுக்கு 3 முறை போதும். உங்களில் ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

உடம்பு ஆடாமல் நிற்க வந்த பிறகே ஒரு கையை விடலாம். அப்புறம் ஒரு விரலால் தொட்டு நிற்கலாம். கம்பியை மறுபடி இறுக்கிப் பிடித்தால், அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். பழைய நிலைக்கே திரும்புங்கள்.

மறுநாளும் முட்டி வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார வையுங்கள். எழும்போதெல்லாம் சுற்றினால் ரத்த அழுத்தமோ, சாப்பிடும் மாத்திரையோ காரணமாயிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிய பிறகே பயிற்சியைத் தொடரவும்.