உளுந்தின் வேரில் ஒரு விருந்தாளி

தை மாதத்தில் காவேரிப் பாசனக் கிராமங்களுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். நெற்கதிர் முற்றி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, குடியானவர் பயிருக்குள் இறங்கி உளுந்தைத் தெளித்து விடுவார். நெல்லை அறுத்தபின், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே உளுந்து வளர்ந்து காய்க்கும். நெல் உறிஞ்சிவிட்ட நிலத்தில் உளுந்துக்கு மட்டும் தழைச்சத்து எங்கிருந்து கிடைக்கிறது?

தழைச்சத்து என்பது நைட்ரஜன். காற்றில் ஐந்தில் நாலு பாகம் அதுதான். ஆனால் என்ன பிரயோஜனம்? அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால், எந்தச் செடியும் அதை நேராக உண்ண முடியாது.

1886-ஆம் வருஷத்தில் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த மர்மத்தை வெளியிட்டார். கிருமிகளைக் கொன்ற மணலில் பட்டாணியை வளர்த்தால் அது வாடியது. அதே மணலில் வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது விட்டால் செழித்தது. அந்த நீரில் வந்த நுண்கிருமிகளே வேரினுள் நுழைந்து முடிச்சுகளை உண்டாக்கின. செடி அவற்றுக்குச் சர்க்கரை அளிக்கிறது. அவை காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கிச் செடிக்குத் தருகின்றன.

இதை நேயர்களே சோதித்துப் பார்க்கலாம். உளுந்து பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்து அலசுங்கள். முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்க வேண்டும். நம் இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு உறவான ஒன்று அங்கே பிராணவாயுவை அளவோடு வைத்திருக்கிறது. அது மிஞ்சினால் கிருமியின் வேலை நின்றுவிடும். உள்ளே வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது. யூரியா மிகுதியாக இட்ட நிலத்தில் முடிச்சுகளே குறைந்து போகும். இலவசமாய்க் கிடைக்கும்போது செடி ஏன் சர்க்கரையைச் செலவிட வேண்டும்?

உளுந்து போட்டாலே நிலம் வளமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். நூறு கிலோ உளுந்தில் சுமார் 24 கிலோ புரதம். அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோ, நைட்ரஜன். அது மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. செடியையும் வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டு போனால், நிலத்துக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலையும் அறுந்த வேருந்தான்.

சணப்பையையோ தக்கைப்பூண்டையோ பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் கதை வேறு. சேர்த்த நைட்ரஜன் முழுதும் மண்ணிலேயே தங்கும். வேறு கிருமிகள் தழையை மக்கவைத்து அம்மோனியாவாக்க, அதை நெல் உண்ணும். ஆனால் வயலை உலரவிட்டால் அது நைட்ரேட்டாக மாறும். மறுபடி நீர் கட்டியதும், இன்னொரு வகைக் கிருமிகள் அந்த நைட்ரேட்டை உடைத்துக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே தழையை மடக்கிய வயலில், நடவு முடிந்து பயிர் வேர் பிடிக்கும் வரையில், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.