பிரிவு 9ஐத் திரையில் காட்டுவது எப்படி?

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013ஆம் ஆண்டு வந்த சட்டத்தின் 19ஆம் பிரிவு, நிர்வாகம் செய்தாக வேண்டியவற்றைச் சொல்கிறது. ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வங்கி, மருத்துவமனை, பனியன் கம்பெனி, ஐ.டி. அலுவலகம் என்று எல்லா இடங்களிலும் இந்த வகுப்பு நடக்கிறது. பல இடங்களில் சட்டத்தின் வாசகம் அப்படியே ஸ்லைடில் ஒட்டப்பட்டிருக்கும். நடத்துபவர் திரையைப் பார்த்து வாசிப்பார், உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுக் கைபேசியை எடுப்பார்கள். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று, "புகாரை எத்தனை மாதத்துக்குள் கொடுக்கணும், யாரிடம் கொடுக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்த வகுப்பு நடந்தும் நடக்காததுதான். அந்தப் பதில் தெரியாத பெண் தன் கெடுவைத் தவறவிடக்கூடும்.

அந்தப் பதில் இருக்கும் இடம் பிரிவு 9. அதன் முதல் உட்பிரிவு ஒரே மூச்சில் சொல்வது இது: பாதிக்கப்பட்ட பெண், உள்ளகப் புகார்க் குழு இருந்தால் அதனிடமும், இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடமும், சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள், தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம். இதன் பின்னால் இரண்டு விதிவிலக்குகள் வரும், அடுத்து இரண்டாவது உட்பிரிவு வரும். தமிழில் பெயர்த்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடுவதால், வாசிப்பவர் அத்தனை நிபந்தனைகளையும் மனத்தில் சுமந்துகொண்டு 'கொடுக்கலாம்' என்ற சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் திரும்பப் படித்துக்கொள்ளலாம். திரையில் அடுத்த ஸ்லைடு வந்துவிடும்.

இதை உடைக்கும்போது பலர் செய்வது, வாக்கியத்தை அரைப்புள்ளி இருக்கும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டின் முன்னும் ஒரு புள்ளி வைப்பது. சுவர் அப்படியேதான் நிற்கிறது, செங்கல் இடுக்குகள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. வெட்ட வேண்டிய இடத்தைச் சட்டத்தின் வாக்கிய அமைப்பில் தேடக் கூடாது, கேட்பவர் மனத்தில் எழும் கேள்வியில் தேட வேண்டும். பிரிவு 9ஐக் கேட்கும் ஒரு பெண்ணுக்கு நான்கு கேள்விகள் இருக்கும். யாரிடம், எதற்குள், எப்படி, என்னால் முடியாவிட்டால் என்ன. அந்த நான்கும்தான் தொகுதிகள். ஸ்லைடு இப்படி ஆகும்:

3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம்

யாரிடம்? உள்ளகப் புகார்க் குழு. அது இல்லாத இடத்தில் உள்ளூர்க் குழு.
எதற்குள்? சம்பவம் நடந்து 3 மாதம். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.
எப்படி? எழுத்தில். எழுத முடியாவிட்டால் குழு உதவ வேண்டும்.
கொடுக்க இயலாத நிலையில்? சட்டப்படியான வாரிசு அல்லது விதிகள் அனுமதிக்கும் வேறொருவர் கொடுக்கலாம்.

*சட்டப் பிரிவு 9*

தலைப்பில் 'புகார் நடைமுறை' என்று போடவில்லை. மற்றதெல்லாம் மறந்தாலும் நினைவில் நிற்க வேண்டிய ஒன்றையே தலைப்பு சொல்கிறது. நீட்டிப்பு பற்றிய வரி தனி ஸ்லைடுக்குப் போகாமல் 3 மாதத்தின் அருகிலேயே இருக்கிறது. விதியை ஒரு ஸ்லைடிலும் விதிவிலக்கை அடுத்ததிலும் வைத்தால், முதல் ஸ்லைடைப் பார்த்து நான்காவது மாதத்தில் இருக்கும் பெண், 'இனி வழியில்லை' என்று முடிவு செய்துவிடுவாள். 'நீட்டிக்கலாம்', 'உதவ வேண்டும்' என்ற இரண்டு வினைகளையும் கவனியுங்கள். முதலாவது குழுவின் விருப்புரிமை, இரண்டாவது குழுவின் கடமை. சுருக்கும்போது 'நீட்டிப்பு', 'உதவி' என்று பெயர்ச்சொல்லாக மாற்றினால் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

இங்கே எண் போடவில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். நான்கு கேள்விகளுக்கும் வரிசை கிடையாது, அதனால் எண்ணும் தேவையில்லை. வரிசை முக்கியமாக இருக்கும்போதும், 'மூன்றாவதைப் பாருங்கள்' என்று யாராவது சுட்ட வேண்டியிருக்கும்போதும்தான் எண் உதவும். அந்த இரண்டாவது தேவை இந்தச் சட்டத்தில் பிரிவு 3இல் வருகிறது. பாலியல் துன்புறுத்தலோடு சேர்ந்து வரக்கூடிய ஐந்து சூழ்நிலைகளை அதன் இரண்டாவது உட்பிரிவு அடுக்குகிறது: வேலையில் சலுகை தருவதாக உறுதி, வேலையில் கெடுதல் செய்வதாக மிரட்டல், இப்போதைய அல்லது வருங்கால வேலைநிலை குறித்த மிரட்டல், வேலையில் குறுக்கிடுதல் அல்லது அச்சமூட்டும் சூழலை உண்டாக்குதல், உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கக்கூடிய அவமதிப்பு. ஐந்தையும் வரிசையாகப் போட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே போலத் தோன்றும். தொகுத்தால் தெளிவாகும்:

ஆசை காட்டுதல்: (1) சலுகை தருவதாக உறுதி
மிரட்டுதல்: (2) கெடுதல் செய்வதாக (3) வேலைநிலை குறித்து
சூழலைக் கெடுத்தல்: (4) குறுக்கீடு, அச்சமூட்டும் சூழல் (5) நலத்தைப் பாதிக்கும் அவமதிப்பு

தொகுதிக்குத் தொகுதி எண் மறுபடி 1இலிருந்து தொடங்கவில்லை. சட்டம் தந்த எண்ணே மாறாமல் ஓடுகிறது. இதனால் வகுப்பில் கேட்டதைச் சட்டப் புத்தகத்தில் தேடுபவருக்கும், விசாரணையில் 'உட்பிரிவின் நான்காவது இனம்' என்று எழுதப்போகும் குழு உறுப்பினருக்கும் ஒரே எண் கிடைக்கிறது. தொகுப்பவருக்குத் தலைப்பு சூட்டும் உரிமை உண்டு, எண்ணை மாற்றும் உரிமை கிடையாது. பவர்பாயிண்டில் பட்டியல் இரண்டு ஸ்லைடுகளுக்கு நீண்டால், இரண்டாவதில் எண் தானாக 1இலிருந்து தொடங்கிவிடும். அதை Bullets and Numbering பெட்டியில் `Start at` என்ற இடத்தில் திருத்த வேண்டும். இந்தச் சட்டத்தில் துன்புறுத்தலின் வரையறையிலும் ஐந்து இனங்கள் உண்டு என்பதால், அடுத்தடுத்த ஸ்லைடுகளில் இரண்டு '1 முதல் 5' வரும். ஒவ்வொன்றின் கீழும் பிரிவு எண்ணைப் போடாவிட்டால் 'மூன்றாவது' என்பது எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வரையறையின் தலையில் இன்னொரு சொற்றொடர் இருக்கிறது: 'இவற்றுள் ஒன்றோ பலவோ'. ஸ்லைடு தயாரிப்பவர்கள் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது இதைத்தான். வெட்டியபின் எஞ்சும் ஐந்து வரிப் பட்டியல், ஐந்தும் நடந்திருந்தால்தான் குற்றம் என்பது போலவும் வாசிக்கக் கிடக்கிறது. எந்தப் பட்டியலாக இருந்தாலும் 'ஏதேனும் ஒன்று போதும்' அல்லது 'அனைத்தும் வேண்டும்' என்பதை அதன் மேலே தனி வரியாக எழுதுங்கள்.

இதைவிட மோசமான வெட்டு பிரிவு 14இல் நடக்கிறது. 'பொய்ப் புகாருக்கு நடவடிக்கை' என்று தடித்த எழுத்தில் போட்டு, அதன் கூடவே சட்டம் சொல்வதை விட்டுவிடுகிறார்கள். போதிய ஆதாரம் தர முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார்தாரர் மீது நடவடிக்கை தேவையில்லை, தீய நோக்கம் விசாரணையில் நிறுவப்பட வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இந்த வரி இல்லாத ஸ்லைடு சட்டத்தைச் சுருக்கவில்லை, திரிக்கிறது. சாட்சியில்லாத இடத்தில் துன்புறுத்தலுக்கு ஆளான பெண் அதைப் பார்த்துவிட்டு வாய் திறக்கமாட்டாள்.

சட்டத்திலும் அதன் விதிகளிலும் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்து, திரையில் ஒன்றாக வர வேண்டியவை கெடு நாட்கள். இங்கே பலரும் வரைவது, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்ட ஒரு சங்கிலி. பார்க்க அழகாக இருக்கும், தவறாக வழிகாட்டும். அம்புக்குறியைப் பார்ப்பவர் ஒன்று முடிந்துதான் அடுத்தது தொடங்கும் என்று எண்ணுவார். உண்மையில் ஒவ்வொரு கெடுவும் எதிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது வேறு வேறு. ஆகவே அம்புக்குறியை விட்டுவிட்டு, மூன்று பத்தி கொண்ட அட்டவணை போடுவதே நல்லது:

| என்ன | எத்தனை நாள் | எதிலிருந்து |
|---|---|---|
| புகார் நகல் எதிர்த்தரப்புக்கு | 7 வேலை நாள் | குழு புகாரைப் பெற்றதிலிருந்து |
| எதிர்த்தரப்பின் பதில் | 10 வேலை நாள் | நகல் கிடைத்ததிலிருந்து |
| குழுவின் அறிக்கை | 10 நாள் | விசாரணை முடிந்ததிலிருந்து |
| நிர்வாகத்தின் நடவடிக்கை | 60 நாள் | பரிந்துரை கிடைத்ததிலிருந்து |
| மேல்முறையீடு | 90 நாள் | பரிந்துரையிலிருந்து |

விசாரணையே 90 நாளில் முடிய வேண்டும் என்பதை அட்டவணைக்கு மேலே தலைப்பாக வைக்கலாம். கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். நிர்வாகத்தின் 60 நாளும் மேல்முறையீட்டின் 90 நாளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓடுகின்றன. சங்கிலிப் படத்தை நம்பி, நிர்வாகம் முடிவெடுக்கட்டும் என்று 60 நாள் காத்திருக்கும் பெண்ணுக்கு, மேல்முறையீட்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 30 நாள்தான். அதே போல மேல் இரண்டு வரிகள் வேலை நாட்கள், மற்றவை சாதாரண நாட்கள். 'வேலை' என்ற சொல்லை அகலம் போதவில்லை என்று எடுத்துவிடக் கூடாது.

உரைப் பெட்டியில் இடம் போதாதபோது பவர்பாயிண்ட் தானே எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டு போகும் என்பது பெரிய தொல்லை. தயாரிப்பவர் மடிக்கணினியில் அருகிலிருந்து பார்ப்பதால் அது தெரிவதில்லை. கொம்பும் காலும் மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்து சிறிதானால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பும். `Do not Autofit` என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எழுத்து பெட்டியை மீறி வழியும். அப்படி வழிவதுதான், இந்த ஸ்லைடை இரண்டாக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். பிறகு அறையின் கடைசி வரிசையில் நின்று, பிரிவு எண் எழுதிய சிறிய வரி வரைக்கும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஸ்லைடு சட்டமாகிவிடாது. முழு வாசகத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். ஸ்லைடின் அடியில் இருக்கும் பிரிவு எண், அந்தக் காகிதத்தில் எங்கே பார்ப்பது என்று சொல்லத்தான்.

கடைசி ஸ்லைடில் பெரும்பாலும் 'நன்றி' என்று பூக்களோடு ஒரு படம் வரும். கேள்வி நேரம் முழுக்க, மற்ற எல்லா ஸ்லைடுகளையும் விட அதிக நேரம் திரையில் நிற்பது அதுவே. குழுவை அமைத்த ஆணையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று பிரிவு 19 நிர்வாகத்துக்குச் சொல்கிறது. அடுத்த வகுப்பை நடத்தப்போகிறவர்கள் அந்தப் பூக்களை எடுத்துவிட்டு, உங்கள் அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், கீழே '3 மாதம்' என்பதையும் பெரிய எழுத்தில் போட்டுவையுங்கள்.