தயார் பதில்கள்: எழுதி வைக்க வேண்டியதும் கையால் எழுத வேண்டியதும்

வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் ஒரு சிறு கடைக்கு நாள் முழுக்க வரும் செய்திகளில் பெரும்பாலானவை நான்கைந்து கேள்விகளுக்குள் அடங்கிவிடும். விலை என்ன, ஸ்டாக் இருக்கிறதா, பொருள் வந்த பிறகு பணம் தரலாமா, கூரியர் சார்ஜ் எவ்வளவு, எத்தனை நாளில் வரும். இவற்றுக்கான பதில் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ஒருமுறை நன்றாக எழுதிச் சேமித்து, வேண்டும்போது இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டி வரவழைத்துக்கொள்ளும் வசதிக்குத்தான் தயார் பதில் என்று பெயர்.

வழக்கம் புதிதல்ல. இந்தியத் தந்தித் துறை திருமணம், பிறந்தநாள், தீபாவளி முதலியவற்றுக்கான வாழ்த்து வாசகங்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்தது. அனுப்புபவர் எண்ணைக் குறிப்பிட்டால், போய்ச் சேரும் ஊரில் முழு வாசகமும் தாளில் ஏறிக் கைக்கு வரும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோகும்வரை இந்த ஏற்பாடு இருந்தது. இன்றைய தயார் பதிலும் செய்வது இதைத்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதற்கு Quick replies என்று ஒரு பகுதி இருக்கிறது. Business tools மெனுவுக்குள் போய் அதைத் திறந்து, செய்தியை எழுதி, அதற்கு ஒரு குறுக்குச்சொல் வைக்க வேண்டும். பிறகு உரையாடலில் சாய்கோட்டைத் தட்டினால் பட்டியல் விரியும். /rate என்று விலை விவரத்துக்கும் /pay என்று பணம் செலுத்தும் விவரத்துக்கும் பெயர் வைத்துக்கொள்ளலாம். 50 பதில்கள் வரை சேமிக்க முடியும். ஒரு சேலைக் கடைக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அதற்கு மேல் போனால் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

சாதாரண வாட்ஸ்அப்பில் இந்த வசதி கிடையாது. ஆனால் விசைப்பலகையிலேயே அதைச் செய்துகொள்ளலாம். ஐபோனில் Settings, General, Keyboard வழியாகப் போனால் Text Replacement இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் ஜிபோர்டின் அமைப்புகளில் Dictionary, அதற்குள் Personal dictionary. குறுக்கெழுத்தைத் தட்டியதும் முழு வாசகம் விசைகளுக்கு மேலே தோன்றும். அதைத் தொட வேண்டும். முகவரி, வங்கிக் கணக்கு விவரம் போன்ற சின்ன வாசகங்களுக்கு இது நல்ல வழி. எந்தச் செயலியில் எழுதினாலும் வேலை செய்யும்.

கணினியில் எழுதுபவர்களுக்கு எஸ்பான்ஸோ என்ற இலவச மென்பொருள் உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். தமிழில் எழுதுபவர் குறுக்கெழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலரும் அரைப்புள்ளியில் தொடங்கும் குறுக்கெழுத்துகளையே வைப்பார்கள். தமிழ்99 விசைப்பலகையில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் ‘ந’ வரும். சாய்கோட்டு விசையில் ‘ழ’ வரும். ஆங்கிலத்துக்கு மாறாமல் குறுக்கெழுத்து வேலை செய்யாது. எண்களும் காற்புள்ளியும் தமிழிலும் அப்படியே இருப்பதால் இரண்டு காற்புள்ளியும் ஓர் எண்ணும் வைப்பது வசதி:

```yaml
matches:
  - trigger: ",,1"
    replace: "பார்சல் இன்று கூரியரில் போயிருக்கிறது.\nடிராக்கிங் எண்: $|$"
```

கடைசியில் இருக்கும் $|$ என்ற குறி, வாசகம் விரிந்ததும் கர்சர் வந்து நிற்க வேண்டிய இடம். எண்ணை நிரப்ப மறந்து அனுப்பும் வாய்ப்பு இதனால் பெரிதும் குறைகிறது.

வாசகத்தை எழுதுவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. தமிழில் பெயரையோ ஊரையோ நிரப்புவதற்கு இடம் விட்டு எழுதும்போது வேற்றுமை உருபு காலை வாரிவிடும். “____க்கு அனுப்பிவிட்டோம்” என்று எழுதி வைத்துவிட்டுச் சேலம் என்று நிரப்பினால் “சேலம்க்கு” என்று நிற்கும். மதுரை என்றால் சரியாக வரும். ஈரோடு என்றால் மறுபடி கெடும். ஆள் பெயரிலும் இதே கதை. வள்ளிக்கு என்று வருவது கீதாவுக்கு என்றும் முருகனுக்கு என்றும் மாற வேண்டும். படிப்பவருக்கு இது எந்திரம் எழுதியது என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆகவே நிரப்ப வேண்டிய சொல் உருபு ஏற்காத இடத்தில் வரும்படி வாக்கியத்தை அமைக்க வேண்டும். “அனுப்பும் ஊர்: சேலம்”, “பெறுபவர்: கீதா” என்று தனி வரியாக வைத்துவிட்டால் எந்தப் பெயரும் பொருந்தும்.

விளிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சேமித்த வாசகத்தில் ‘மேடம்’ என்று இருந்தால், மனைவிக்காகச் சேலை வாங்கும் கணவருக்கும் அதுவே போகும். ‘வணக்கம்’ என்று மட்டும் சேமித்துவிட்டு அக்கா, அண்ணா, சார் என்பதை ஒவ்வொரு முறையும் கையால் சேர்ப்பது நல்லது. அந்த ஒரு சொல்லுக்குச் செலவாகும் இரண்டு நொடி வீண்போவதில்லை.

சேமித்த வாசகத்தில் இருக்கும் பிழை ஒருவரோடு நிற்காது, எல்லோருக்கும் போகும் என்பது இந்த முறையின் பெரிய ஆபத்து. பணம் அனுப்பும் விவரத்தில் வங்கிக் கணக்கின் ஓர் இலக்கம் மாறியிருந்தால் வரிசையாகப் பத்துப் பேர் தவறான கணக்குக்கு அனுப்ப முயல்வார்கள். அதனால் /pay போன்ற பதிலைச் சேமித்தவுடன் அதிலிருந்தே விவரத்தை நகலெடுத்து, வீட்டில் ஒருவரை ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிச் சரிபார்த்துவிட வேண்டும். விலையும் கூரியர் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால், அவற்றை நான்கைந்து பதில்களில் சிதறவிடாமல் ஒரே பதிலில் வைத்தால் திருத்துவது எளிது.

தானாகப் போகும் செய்திகளின் சிக்கல் வேறு வகை. வாட்ஸ்அப் பிசினஸில் வரவேற்புச் செய்தி ஒன்று வைக்கலாம். முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் அது தானாகப் போகும். இரண்டாவது வகையினரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் சேலை வாங்கியவர் ‘சாயம் போய்விட்டது’ என்று எழுதினால், “புதிய கலெக்‌ஷன் வந்தாச்சு, பாருங்க!” என்று உடனே பதில் போகும். எழுதியவருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வரவேற்புச் செய்தியில் கடையின் பெயர், பதில் வரும் நேரம் இரண்டும் போதும். விற்பனைப் பேச்சு அதில் வரவே கூடாது.

எப்போது கையால் எழுத வேண்டும் என்பதற்கு நம்பத்தகுந்த அடையாளம் ஒன்று உண்டு. வந்த செய்தியில் அந்த மனிதரின் வாழ்க்கை ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ‘ரேட்?’ என்ற ஒற்றைச் சொல்லில் தெரிவது ஒன்றுமில்லை. தயார் பதிலே போதும், அதைத்தான் அவரும் எதிர்பார்க்கிறார். இதையும் பாருங்கள்: “அக்கா, போன வாரம் வந்த மெரூன் சுங்குடி முதல் தடவை அலசும்போதே சாயம் விட்டுடுச்சு. ஞாயித்துக்கிழமை தங்கச்சி நிச்சயத்துக்குக் கட்டத்தான் வாங்கினேன்.”

இதற்குச் சேமித்து வைத்த பதில் இப்படி இருக்கும்: “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். புகைப்படம் அனுப்பவும். 3 வேலை நாட்களில் பதில் அளிக்கப்படும்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மூன்று வேலை நாள் கழித்து வரும் பதில் அவருக்கு எதற்கும் உதவாது. கையால் எழுதினால் வேறு மாதிரி வரும்:

“முதல் அலசலிலேயே சாயம் விட்டது எங்க தப்புதான், மன்னிச்சுக்குங்க. ஞாயிறு நிச்சயம்னு சொன்னீங்க. அதே டிசைன்ல பச்சை ஒண்ணு கையில இருக்கு. இன்னைக்குச் சாயந்திரம் போட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும். பச்சை வேண்டாம்னா பணத்தை இன்னைக்கே திருப்பிடறேன். எது வசதி?”

எந்தச் சேலை, என்ன ஆனது, எந்த நாளுக்குள் வேண்டும் என்ற மூன்றும் அவர் எழுதியதிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன. அவர் பச்சையைத் தேர்ந்தெடுத்த பிறகு, பழைய சேலையைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியும் கட்டும் முறையும் தேவைப்படும். அதற்குச் சேமித்த பதிலையே அனுப்பலாம். கைப்பட எழுதியது மேலே, தயார் வாசகம் கீழே என்று சேர்த்து அனுப்புவதுதான் பல நேரங்களில் சரியான வழி. முழுவதையும் புதிதாக எழுதினால் முகவரியில் பின்கோடு விட்டுப்போகும்.

துக்கச் செய்தி வரும்போது மட்டும் தயார் பதிலை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டும். “அப்பா தவறிட்டாங்க, ஆர்டர் வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்க, “உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. மீண்டும் வருக!” என்று போனால் அந்தக் காயம் ஆறாது. “கேட்டு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆர்டரை நிறுத்திட்டேன், பணம் வந்துடும், நீங்க எதுவும் செய்ய வேண்டாம்” என்ற இரண்டு வரி போதும். பணம் திரும்பும் நாள், படிவம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஆள் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாலும் கையால்தான் எழுத வேண்டும். முதல் பதில் அவருக்குப் புரியவில்லை, அல்லது அவர் கேட்டது வேறு. அதே வாசகத்தை மறுபடி அனுப்புவது சுவரோடு பேசும் உணர்வைத் தரும். ஒரே செய்தியில் இரண்டு கேள்விகள் இருக்கும்போதும் இதே தவறு நேர்கிறது. ‘பச்சை இருக்கா, வெள்ளிக்குள்ள வருமா’ என்று கேட்டவருக்குக் கூரியர் விவரம் மட்டும் போகும். பச்சை பற்றிய கேள்வி அப்படியே நிற்கும். அனுப்புமுன் வந்த செய்தியை ஒருமுறை மேலே தள்ளிப் படித்தால் இது தவிரும்.

பல பேர் ஒரே தயார் பதிலுக்குப் பிறகு “அது இல்லீங்க…” என்று தொடங்கினால் குறை வாசகத்தில்தான். பெரும்பாலும் அவர்கள் கேட்ட விடை ஐந்தாவது வரியில் புதைந்திருக்கும். அதை முதல் வரிக்குக் கொண்டுவந்து மற்றதைச் சுருக்க வேண்டும். பண்டிகைக் கூட்டம் தொடங்குமுன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, எல்லாப் பதில்களையும் வரிசையாகத் திறந்து விலை, கட்டணம், அனுப்பும் நாள் மூன்றையும் சரிபார்ப்பது நல்லது. போன பொங்கல் தள்ளுபடி இன்னும் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும்.