குழாய் வழி உணவு: பிள்ளைகள் கருத்து வேறுபடும்போது

பசித்தோர்க்கு உணவளித்தல் இரக்கச் செயல்களுள் முதலாவது என்று ஞானோபதேச வகுப்பிலேயே நாம் கற்றோம். ஆனால் பசியென்று சொல்லவும் இயலாத, விழுங்கவும் முடியாத, தன் விருப்பத்தை உணர்த்தும் நினைவும் இல்லாத ஒரு தாய்க்கு மூக்கின் வழியாகக் குழாய் செலுத்தி உணவூட்டுவது எந்நாள்வரை கடமை? அவரது பிள்ளைகளே ஒருவருக்கொருவர் மாறுபட்டு நின்றால் யாருடைய சொல்லை ஏற்பது? இவ்வினாக்களை நம் பங்குக் குடும்பங்கள் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலேதான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. அமைதியாய் இருக்கும் காலத்தில் அவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

உலகறிந்த ஒரு வழக்கை முதலில் நினைவுகூர்வோம். அமெரிக்க நாட்டில் ஃபுளோரிடா மாநிலத்தில் வாழ்ந்த தெரி ஷியாவோ என்னும் கத்தோலிக்கப் பெண்மணி, 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திடீரென மயங்கி விழுந்தார். இதயம் நின்று மூளைக்குக் குருதி செல்லாததால் நினைவை இழந்தார். கண்கள் திறந்தன, உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வந்தன, தானாகவே மூச்சு விட்டார். ஆனால் விழுங்க இயலாததால், வயிற்றில் பொருத்திய குழாய் மூலமே உணவு சென்றது. இத்தகைய நிலையில் வாழத் தம் மனைவி விரும்பியதில்லை என்று கணவர் மைக்கேல் கூறினார். தங்கள் மகளைத் தாங்களே பேணுவோம் என்று பெற்றோர் மன்றாடினர். தெரி எழுதி வைத்தது எதுவுமில்லை. ஏழாண்டு வழக்காடலில் குழாய் இருமுறை அகற்றப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டது. இறுதியாக 2005 மார்ச் 18ஆம் நாள் அகற்றப்பட்டது. பதின்மூன்றாம் நாள், மார்ச் 31 அன்று, அவர் உயிர் நீத்தார்.

அதே வாரத்தில் உரோமையில் நிகழ்ந்ததையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். இன்று இரண்டாம் யோவான் பவுல் என்று நாம் அழைக்கும் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் நோயுற்றுக் கிடந்தார். மார்ச் 30ஆம் நாள், அவருக்கு மூக்கின் வழிக் குழாய் மூலம் உணவு அளிக்கப்படுவதாக வத்திக்கான் அறிவித்தது. ஏப்ரல் 2ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். உணவுக் குழாயை ஏற்றுக்கொண்ட அவர், இறுதி நாள்களில் மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படாமல் தம் இல்லத்திலேயே இருந்தார். ஒன்றை ஏற்பதற்கும் மற்றொன்றை வேண்டாமென்பதற்கும் திருச்சபையில் இடமுண்டு என்பதை இது காட்டுகின்றது.

திருச்சபையின் போதனை யாது? திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு நவம்பரில் மருத்துவர்களிடம் உரையாற்றுகையில், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்வது கடமை, மிகையான பாரத்தைச் சுமத்தும் வழிகள் கடமையல்ல என்று விளக்கினார். குழாய் வழி உணவு இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்ற ஐயத்துக்கு, 2004 மார்ச் 20ஆம் நாள் இரண்டாம் அருள் சின்னப்பர் விடையளித்தார். உணவும் நீரும் குழாய் வழியே சென்றாலும் கொள்கையளவில் அவை சாதாரண வழியே; தம் நோக்கத்தை, அதாவது ஊட்டமளித்து வேதனை தணிப்பதை, நிறைவேற்றும் அளவும் அவை கடமை என்றார். 2007 ஆகஸ்டு மாதம் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதனை உறுதிசெய்து, மூன்று விலக்குகளையும் சுட்டிக்காட்டியது. உடல் அவ்வுணவை ஏற்க இயலாதபோது. குழாயே தாங்கொணாத துன்பமாகும்போது. வறுமையும் தொலைவும் மிக்க இடங்களில் அவ்வசதி கிடைக்காதபோது. நோயாளி இனி எழுந்து பேசமாட்டார், பிறருக்குப் பயன்படமாட்டார் என்பது இவ்விலக்குகளுள் ஒன்றன்று என்பதை நன்கு கவனிக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா, ‘இந்த உயிர் வாழத் தகுந்ததா?’ என்பதன்று. ‘இந்த உணவு இந்த உடலில் தன் வேலையைச் செய்கின்றதா?’ என்பதே. முதல் வினாவுக்கு விடை கூற நமக்கு உரிமையில்லை; இரண்டாவதற்கோ கண்ணால் கண்டே விடை கூறலாம். இதனை விளக்க, நாம் கற்பனையாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம்.

மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில் எழுபத்து நான்கு வயதுத் தாய் ஒருவர். கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒரு காலை பக்கவாதத்தால் விழுகிறார். திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து செங்கல்பட்டு மருத்துவமனை சேர்கிறார்கள். தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. மூன்றாம் நாள் மூக்கில் குழாய் செலுத்தப்படுகிறது. உடனிருந்து பேணும் மகள், ‘அம்மாவைப் பட்டினி போடலாமா?’ என்கிறாள். வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் இளைய மகனோ, ‘அக்கா, அம்மாவை ஏன் இப்படி வதைக்கிறீங்க? எடுத்துடச் சொல்லுங்க’ என்கிறான்.

இங்கு மகளின் பக்கமே நியாயம் மிகுதி எனலாம். பக்கவாதத்தில் விழுங்கும் ஆற்றல் பல வேளைகளில் சில வாரங்களில் திரும்புகின்றது. அதுவரை உடலைத் தளரவிடாமல் காப்பதே குழாயின் பணி. வடிகட்டிய கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர் ஆகியவற்றை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் அளவில் மூன்று மணிக்கொருமுறை மெதுவாக விட்டால், ஒரு நாளைய ஊட்டத்தின் பெரும்பகுதி சேர்ந்துவிடும். எனினும் பேணுவோர் மூன்றினைப் பழகிக்கொள்ள வேண்டும். ஊட்டும்போதும் அதன்பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயின் அடையாளக் கோடு மூக்கருகே முன்பிருந்த இடத்திலேயே உள்ளதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஊட்டாமல் செவிலியரை அழைக்க வேண்டும். முடிவில் சிறிது நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். இருமலோ, மூச்சுத் திணறலோ, காய்ச்சலோ கண்டால் உணவு நுரையீரலுக்குள் சென்றிருக்கலாம். தாமதியாது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மகனின் அச்சமும் வெறும் கல்நெஞ்சன்று. குழாய் ஒருமுறை நுழைந்தால் பிறகு எவரும் எடுக்கமாட்டார் என்பதே அவன் உள்ளத்தில் இருப்பது. அதற்கு நல்ல மருந்தொன்று உண்டு. நான்கு வாரம் கொடுப்போம். அதன்பின் இன்ன நாளில் மருத்துவரோடு அமர்ந்து பயனை ஆராய்வோம் என்று தொடக்கத்திலேயே நாள் குறித்துக்கொள்வதே அது. எடையும் வலிமையும் நிலைக்கின்றனவா, விழுங்கல் தேறுகின்றதா, புரையேறுகின்றதா, குழாயைப் பிடுங்குகிறார் என்று கைகளைக் கட்டி வைக்க நேர்கின்றதா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வந்தால், அந்நாளில் சண்டைக்குப் பதிலாகச் சான்று பேசும்.

எட்டு மாதம் சென்றதாக எண்ணுவோம். தாய் ஓரளவு தேறி, இரண்டாம் பக்கவாதத்தால் மீண்டும் வீழ்கிறார். இம்முறை சிறுநீரகமும் செயலிழக்கின்றது. ஊட்டிய கஞ்சி செரிக்காமல் குழாயில் திரும்பி வருகின்றது, கால்கள் வீங்குகின்றன, மூச்சில் கரகரவென்று நீர் சேர்கின்றது. மரணம் சில நாள் தொலைவில் என்று மருத்துவர் கூறுகின்றார். மகள் இப்போதும், ‘பட்டினி போடலாமா?’ என்றே கேட்கிறாள். அதே தாய், அதே குழாய். ஆனால் விடை மாறிவிட்டது. அவர் உணவின்றி இறக்கவில்லை. இறந்துகொண்டிருப்பதால் உடல் உணவை ஏற்கவில்லை. இந்நிலையில் ஊட்டுவது ஊட்டமாகாமல் திணறலையே கூட்டும். அதனை நிறுத்துவது கொலையாகாது. வாயையும் உதடுகளையும் ஈரப் பஞ்சால் நனைத்தல், வலிக்கு மருந்தளித்தல், புரட்டிப் படுக்கவைத்தல் ஆகிய பராமரிப்போ இறுதி மூச்சுவரை தொடர வேண்டும்.

இதற்கும் தெரி ஷியாவோவின் நிலைக்கும் உள்ள வேற்றுமை தெளிவு. அவர் மரணத்தறுவாயில் இருக்கவில்லை. உணவு பதினைந்தாண்டுகள் அவரை ஊட்டியது. ஆகவே திருச்சபையின் அளவுகோலின்படி அங்கே உணவு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பிள்ளைகளுள் யார் சொல் மேலானது? செலவு செய்பவன் சொல்லா, உடனிருப்பவள் சொல்லா, மூத்தவன் சொல்லா? இவர்களுள் எவரும் தம் விருப்பத்தைச் சொல்ல அழைக்கப்படவில்லை. தாயின் விருப்பத்துக்குச் சாட்சி கூறவே அழைக்கப்படுகின்றனர். ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டால் சண்டை வளரும். ‘அப்பா நோயுற்றுக் கிடந்தபோது அம்மா என்ன சொன்னார்?’ என்று கேட்டால் நினைவுகள் வரும்; பெரும்பாலும் அவை ஒத்தும் வரும். மருத்துவர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வேளையில் பேசுவதும், அயல்நாட்டில் உள்ளவரைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்வதும் பாதிப் பிணக்கைத் தீர்த்துவிடும். பங்குத் தந்தையை இறுதி மணிக்கென்று ஒதுக்கி வைக்காமல் அப்போதே அழைக்கலாம். நோயில் பூசுதல் நினைவற்றவருக்கும் அளிக்கத்தக்க அருட்சாதனமே.

நம் நாட்டின் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் முறைகளை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் வகுத்து, 2023 ஜனவரியில் எளிதாக்கியது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் வேறு இரு வல்லுநரும் அடங்கிய முதற்குழு ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரைக் கொண்ட இரண்டாம் குழு ஒன்று. இரண்டும் உடன்பட வேண்டும். உறவினரின் இசைவும் வேண்டும். நிறைவேற்றுமுன் நீதித்துறை நடுவருக்கு அறிவிக்க வேண்டும். இணக்கம் ஏற்படாவிடில் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். எனினும் சட்டம் இடமளிப்பது எல்லாம் மனச்சான்றுக்கும் ஏற்றதாகிவிடாது. சட்டம் வழியைக் காட்டுகின்றது. மேலே கூறிய வினாவை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தெரி ஷியாவோவின் குடும்பத்தை ஏழாண்டு நீதிமன்றத்தில் நிறுத்தியது, எழுதப்படாத ஒரு தாள். அறிவு தெளிவாய் இருக்கும்போதே, இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்றளித்தால் நம் நாட்டிலும் அது செல்லும். தம் சார்பில் பேச வேண்டியவரின் பெயரையும் அதில் எழுதலாம். ‘என் உடலுக்கு உணவு பயன் தரும்வரை கொடுங்கள்; மரண வேளையில் பயனற்றுத் துன்பமே தரும்போது நிறுத்தி, என் அருகிலிருந்து செபியுங்கள்’ என்ற அளவில் எழுதினால் திருச்சபையின் போதனைக்கும் அது முரணாகாது. பெற்றோர் இதனை எழுதி, பிள்ளைகள் அனைவரும் கூடியிருக்கும் ஒரு திருநாளில் வாசித்துக் காட்டட்டும். பின்னொரு நாள் மருத்துவமனையில் கூடும்போது, அவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து வாதாட வேண்டியதில்லை. தாய் சொன்னதை ஒன்றாக நினைவுகூர்ந்தால் போதும்.