உப்பில் வளர்ந்து உப்பால் பட்டுப்போன காடு

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் இருக்கிறது பிச்சாவரம். படகில் சுற்றிப் பார்க்கிறவர்கள் ஓடையின் இரு கரையிலும் கைகோத்து நிற்கும் சுரபுன்னை மரங்களைப் பார்த்துவிட்டு, காடு முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 1990கள் வரை நிலைமை வேறு. கரையோர மரங்களைத் தாண்டி உள்ளே போனால், பல இடங்களில் உப்புப் பூத்த மொட்டைத் தரைதான். அங்கங்கே உமரிச் செடி மட்டும் இருக்கும். கடல் தண்ணீரிலேயே வாழத் தெரிந்த மரம், கடலை ஒட்டிய அந்தத் தரையில் ஏன் முளைக்கவில்லை?

விடை வேரில் இருக்கிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. சாதாரணச் செடியைக் கடல்நீரில் வைத்தால், அதன் வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உள்ளே இருப்பதையும் இழந்துவிடும். உப்பை வெளியே நிறுத்தித் தண்ணீரை மட்டும் இழுக்க வேண்டுமானால், 25 வளிமண்டல அளவுக்கு மேல் இழுவிசை வேண்டும். லாரி டயருக்குள் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு இது. இந்த விசை எங்கிருந்து வருகிறது? இலைகளில் நீர் ஆவியாகும்போது, தண்டின் குழாய்களில் உள்ள நீர் மேல்நோக்கி இழுபடுகிறது, அதுதான் விசை. 1960களில் ஷோலாண்டர் என்ற உடலியல் விஞ்ஞானி கண்டல் மரக்கிளைகளை அழுத்தக் கலத்துக்குள் வைத்து இதை அளந்தார். 30 வளிமண்டலத்துக்கும் அதிகமான இழுவிசை பதிவானது.

அப்படி இழுக்கும்போது பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட உப்பை வேரின் உள்ளடுக்குகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. மீறி நுழைவதைச் சமாளிக்க ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வழி. வெண்கண்டல் இலையில் உப்பைக் கக்கும் சுரப்பிகள் உண்டு. வெயில் ஏறிய பிறகு இலையைத் தடவினால் விரலில் உப்புத்தூள் ஒட்டும். சுரபுன்னைக்கு அந்தச் சுரப்பி கிடையாது. வேர் வடிகட்டுவதையே அது பெரிதும் நம்பியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. வேர் தடுத்து நிறுத்திய உப்பு எங்கே போகும்? வேரைச் சுற்றிய சேற்றிலேயே தங்கும். மரம் தண்ணீர் குடிக்கக் குடிக்கச் சேற்றின் உப்பு ஏறும். ஓதம் ஏறி இறங்கும்போதுதான் அது கழுவப்படுகிறது. நண்டுகள் தோண்டும் வளைகள் வழியே நீர் சேற்றின் அடிவரை போய்த் திரும்புவதால் கழுவல் இன்னும் நன்றாக நடக்கிறது. ஆக, இந்த மரத்துக்கு உப்புத் தண்ணீர் பகையில்லை. வெளியேறாமல் தேங்கும் தண்ணீர்தான் பகை.

மூச்சும் அப்படித்தான். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால்தான் தோண்டினால் கறுப்பாக வருகிறது, அழுகல் வாடை அடிக்கிறது. வெண்கண்டல் சேற்றுக்கு மேலே விரல் தடிமனில் மூச்சுவேர்களை ஆயிரக்கணக்கில் நீட்டுகிறது. சுரபுன்னைக்கு வளைந்து இறங்கும் தாங்குவேர்களே அந்த வேலையைச் செய்கின்றன. இரண்டிலும் காற்று புகும் நுண்துளைகள் இருக்கின்றன. ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் அந்தத் துளைகளின்மேல் கிரீஸ் பூசிப் பார்த்தார்கள். இரண்டே நாளில் சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கியது. ஓதம் ஏறி நிற்கும் சில மணி நேரம் மூச்சடக்க இந்த மரத்தால் முடியும். நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் முடியாது.

இப்போது மொட்டைத் தரைக்கு வருவோம். ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை பிச்சாவரக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் நிழல் போனதும் ஈரம் வற்றி, சேறு இறுகி, தரை அமிழ்ந்தது. நடுவில் பள்ளம், ஓடைக்கரை மேடு என்று ஆனது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக வழியில்லாமல் பள்ளத்தில் நின்றது, வெயிலில் காய்ந்தது, உப்பை விட்டுச் சென்றது. வெகுகாலம் பழி ஊர்க்காரர்கள் மேல்தான் விழுந்தது: விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் தரையின் மட்டத்தையும் உப்பையும் ஆராய்ந்து, முதன்மைக் காரணம் அந்தப் பழைய வெட்டுமுறைதான் என்று காட்டியது.

வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்த பரிகாரம் எளிமையானது. ஓடையிலிருந்து பள்ளத்துக்கு ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் தெரியும். நீர் இப்போது ஏறி, இறங்கி, தங்கிய உப்பைக் கரைத்து எடுத்துப் போயிற்று. சேற்றில் உப்பு தணிந்த பிறகு நட்டார்கள். எங்கே நட்டார்கள் என்பது முக்கியம். வாய்க்காலின் அடியில் நட்டால் நாற்று மூழ்கும், மேட்டில் நட்டால் காயும். ஆகையால் ஓதம் தினமும் தொட்டு இறங்குகிற உயரமாகப் பார்த்து, சரிவில் நட்டார்கள். பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் கன்று நடும் விழாக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாய்க்கால் தூர்ந்தால் பழைய நிலைமை திரும்பும். வண்டல் சேரச் சேர வாரிவிட வேண்டும். மூச்சுவேர்களின் தலை மூடும்வரை காத்திருக்கக் கூடாது. மேலே அணைகளில் காவிரி தடுக்கப்பட்டு நன்னீர் குறைந்ததால், உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டலே இன்று உள்காட்டில் மிகுந்திருக்கிறது.

அதே ஓதத்தில்தான் இறால் குஞ்சும் வருகிறது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு சில வாரங்களில் நீரோட்டத்தோடு கழிமுகத்துக்குள் நுழைந்து, சில மாதம் இங்கே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய்ப் பெரிதாகிறது. இங்கே அதற்குக் கிடைப்பது இரண்டு: பெரிய மீன் நுழைய முடியாத வேர் இடுக்கு; அழுகும் இலையும் அதன்மேல் படரும் நுண்ணுயிரும். மடவையும் கொடுவாயும்கூடக் குஞ்சுப் பருவத்தில் இப்படி ஓடைகளுக்குள் வருகின்றன. பிச்சாவரத்து இருளர்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஓடைச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இந்தப் பிழைப்பு ஓடைகளின் நீரோட்டத்தை நம்பியே இருக்கிறது. கடலில் வலைபோடுகிறவருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

கரைக்காவல் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இந்தக் கரையோரத்தின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்த பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மைய ஆய்வாளர்கள், காடு இருந்த இடத்தில் உயிரிழப்பு குறைவு என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைத் திரும்பக் கணக்கிட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பவையே பெரும்பாலும் காரணம், மரத்தின் தனிப் பங்கு சிறியது என்று மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. கண்டல் காடு இயல்பாகவே உள்ளொடுங்கிய இடத்தில்தான் வளர்கிறது, அதன் பின்னால் இருக்கும் ஊரும் கடலைவிட்டுத் தள்ளித்தான் இருக்கும்.

சுனாமியை விட்டுச் சாதாரணப் புயல் அலையை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாக இருக்கிறது. 100 மீட்டர் அகலக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று பல நாட்டு அளவீடுகள் சொல்கின்றன. வேர்க்கூட்டம் அடர்ந்திருந்தால் குறைப்பு அதிகம். புயலோடு ஏறிவரும் கடல்மட்டம் வேறு விஷயம். அதைத் தணிக்க ஒரு கிலோமீட்டர் அகலக் காடு இருந்தாலும் 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் இறங்கும். ஓடைக்கரையில் ஒற்றை வரிசையாக நிற்கும் சுரபுன்னை மண்ணரிப்பைத் தடுக்கும், அலையையும் சற்று உடைக்கும். ஊருக்குள் ஏறும் புயல்வெள்ளம் அதற்கு அடங்காது. அதற்கு உள்ளே அந்தப் பழைய பள்ளங்களும் மரமாக நிறைய வேண்டும்.